ஃபண்டுக்கு 9.54% வருமானம், தம்பிக்கு 80,000 ரூபாய் நட்டம்: இரண்டு கணக்கும் எப்படிச் சரி?

மும்பையில் மாட்டுங்காவில் ஒரு அக்கா, செம்பூரில் அவருடைய தம்பி என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே ஈக்விட்டி ஃபண்டில், அதே இரண்டு தேதிகளில் பணம் போடுகிறார்கள். ஆளுக்கு மொத்தம் 6 லட்சம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் அக்காவுக்கு 80,000 ரூபாய் லாபம், தம்பிக்கு 80,000 ரூபாய் நட்டம். ஃபண்டு நிறுவனத்தின் ஃபாக்ட்ஷீட்டில் அதே இரண்டு ஆண்டுக்கு, ஆண்டுக்கு 9.54% வருமானம் என்று அச்சிட்டிருக்கிறது.

“அக்கா, ஒரே ஃபண்டுதானே, உனக்கு மட்டும் எப்படி லாபம்?” என்று தம்பி கேட்டால், ஃபாக்ட்ஷீட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் அதில் தம்பியின் பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அக்காவின் பணத்தைப் பற்றியும் இல்லை. அது ஒரு யூனிட்டின் கதையை மட்டும்தான் சொல்கிறது.

கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். 2021 ஏப்ரல் 5 அன்று அந்த ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் விலை, 20 ரூபாய். 2022 ஏப்ரல் 5 அன்று 30 ரூபாய். 2023 ஏப்ரல் 5 அன்று 24 ரூபாய். முதல் ஆண்டு 50% ஏற்றம், இரண்டாம் ஆண்டு 20% இறக்கம். வாங்கும்போது பிடிக்கும் முத்திரை வரியை விட்டுவிடலாம், 0.005% என்பதால் 5 லட்சத்துக்கு 25 ரூபாய்தான் வரும்.

ஃபண்டு நிறுவனம் போடும் கணக்கு இப்படி. முதல் ஆண்டில் 1 ரூபாய் 1.50 ஆனது. அந்த 1.50, இரண்டாம் ஆண்டில் 0.80 மடங்காகி 1.20 ஆனது. இரண்டு ஆண்டில் 20% என்றால், அந்த 1.20-இன் வர்க்கமூலத்தை எடுத்து ஆண்டுக்கு 9.54%. 50-ஐயும் கழித்தல் 20-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 15% என்று சொல்வது தவறு. அந்த வேகத்தில் போயிருந்தால் என்ஏவி 26.45-க்கு வந்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு காலத்துண்டின் வளர்ச்சியையும் தனித்தனியே கண்டு, அடுத்தடுத்துப் பெருக்கி வரும் வருமானத்துக்குக் கால எடை வருமானம் என்று பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் கால அளவுக்கு ஏற்ற எடை மட்டுமே கிடைக்கிறது. அந்தத் துண்டில் ஃபண்டுக்குள் 10 கோடி இருந்ததா 1,000 கோடி இருந்ததா என்பது கணக்கிலேயே வராது.

யூனிட் என்ற ஏற்பாடு இந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது. புதிதாக ஒருவர் 5 லட்சம் கொண்டுவந்தால் அன்றைய என்ஏவியில் அவருக்குப் புது யூனிட் உருவாகிறது. பழைய யூனிட்டின் விலை அதனால் மாறுவதில்லை. ஆகவே, யார் எப்போது வந்தார்கள், போனார்கள் என்பது என்ஏவியின் வரலாற்றில் பதிவதே இல்லை. தொடக்க நாளில் 10,000 ரூபாய் போட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தால் இன்று எவ்வளவு என்று ஃபாக்ட்ஷீட்டில் ஒரு பத்தி இருக்குமே, அந்த 12,000 ரூபாய் என்ற எண் முற்றிலும் உண்மை. ஆனால் முதல் நாளே போட்டு, நடுவில் ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் குறைக்காமல் இருந்தவருக்கு மட்டுமே அது உண்மை.

இனி தம்பியின் கணக்கு. 2021-ல் அவர் 1 லட்சம் போட்டார். 20 ரூபாய் வீதம் 5,000 யூனிட். ஓராண்டில் அது ஒன்றரை லட்சம் ஆனது. அந்த நேரம் பார்த்து ஒரு எஃப்டி முதிர்ந்தது; 5 லட்சத்தையும் 30 ரூபாய் விலையில் போட்டார். கிடைத்தது 16,666.667 யூனிட். 2023-ல் கையில் இருப்பது 21,666.667 யூனிட், 24 ரூபாய் வீதம் 5,20,000. போட்டது 6,00,000. ஏற்றம் நடந்தபோது உள்ளே இருந்தது 1 லட்சம், இறக்கம் நடந்தபோது உள்ளே இருந்தது ஆறரை லட்சம். 50% லாபம் சின்னத் தொகையின் மேலும், 20% நட்டம் பெரிய தொகையின் மேலும் விழுந்தன. வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

இதை ஒரே ஆண்டு விகிதமாகச் சொல்வதுதான் பண எடை வருமானம். கேள்வி இதுதான்: தம்பி போட்ட ஒவ்வொரு ரூபாயும், உள்ளே இருந்த நாள் முழுவதும், ஒரே நிலையான விகிதத்தில் வளர்ந்திருந்தால், கடைசியில் சரியாக 5,20,000 வர அந்த விகிதம் என்னவாக இருக்க வேண்டும்? 1 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு, 5 லட்சத்துக்கு ஓராண்டு. ஓராண்டுப் பெருக்கத்தை x என்றால், லட்சக் கணக்கில் x² + 5x = 5.2. பள்ளியில் படித்த இருபடிச் சமன்பாடுதான்; x = 0.8838. அதாவது ஆண்டுக்குக் கழித்தல் 11.62%. சரிபார்ப்பதும் எளிது: 1 லட்சம் இரண்டு முறை 0.8838 ஆல் பெருகி ஏறக்குறைய 78,100 ஆகிறது, 5 லட்சம் ஒரு முறை பெருகி 4,41,900 ஆகிறது, கூட்டினால் 5,20,000.

அக்கா அதே தேதிகளில் தொகையை மாற்றிப் போட்டிருந்தார். முதலில் 5 லட்சம், ஓராண்டு கழித்து 1 லட்சம். அவரிடம் 28,333.333 யூனிட், மதிப்பு 6,80,000. அவருடைய பண எடை வருமானம் 7.05%. கவனியுங்கள், லாபம் பார்த்த அக்காவும் 9.54%-ஐத் தொடவில்லை. கடைசியாகப் போட்ட 1 லட்சம் இறக்கத்தை மட்டுமே பார்த்தது.

இப்போது இருவரையும் சேர்த்துப் பார்ப்போம். அந்த ஃபண்டில் இவர்கள் இருவர் மட்டுமே முதலீட்டாளர்கள் என்று வைத்தால், 2021-ல் உள்ளே வந்தது 6 லட்சம், 2022-ல் வந்தது 6 லட்சம், 2023-ல் இருப்பது 5.2-உம் 6.8-உம் சேர்ந்து 12 லட்சம். போட்டது 12, இருப்பது 12. இந்த ஃபண்டு தன் முதலீட்டாளர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஈட்டித் தந்தது பூஜ்யம் ரூபாய். பண எடை வருமானம் சரியாக 0%. அதே ஃபண்டு 9.54% என்று விளம்பரம் செய்யலாம்; அதில் ஒரு பைசாகூடப் பொய் இல்லை.

அப்படியானால் விதிகள் ஏன் கால எடையைக் கேட்கின்றன? பணம் எப்போது வர வேண்டும் என்பதை ஃபண்டு மேனேஜர் முடிவு செய்வதில்லை என்பதால்தான். தம்பியின் எஃப்டி 2022-ல் முதிர்ந்ததற்கு அவர் பொறுப்பில்லை. மேனேஜரின் திறமையை அளக்க வேண்டுமென்றால் பண வரத்தின் பாதிப்பை நீக்கித்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் ஓய்வூதிய நிதிகளின் மேனேஜர்களை ஒப்பிட 1968-லேயே வங்கி நிர்வாக நிறுவனத்தின் அறிக்கை இந்த முறையைப் பரிந்துரைத்தது. நம் நாட்டில், செபியின் 2020-ஆம் ஆண்டு போர்ட்ஃபோலியோ மேனேஜர் விதிகளும், பெரிய முதலீட்டாளர்களின் பணத்தைத் தனித்தனிக் கணக்கில் நிர்வகிக்கும் பிஎம்எஸ் நிறுவனங்கள் தங்கள் செயல்பாட்டைக் கால எடை முறையில்தான் காட்ட வேண்டும் என்கின்றன. பிஎம்எஸ்ஸில் 50 லட்சத்துக்கு மேல் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: விளக்கக் கையேட்டில் இருக்கும் எண் அந்த உத்தியின் எண், உங்கள் கணக்கின் எண் வேறாக இருக்கும்.

மறுபக்கம், தனியார் பங்கு முதலீட்டு நிதிகளில் நிலைமை தலைகீழ். முதலீட்டாளர் தொகைக்கு உறுதி மட்டும் கொடுக்கிறார். எப்போது எவ்வளவு கேட்பது, எப்போது திருப்பித் தருவது என்று முடிவு செய்பவர் மேனேஜர். ஆகவே அங்கே பண எடை முறைதான் நியாயமான அளவு. எந்த அளவு பொருந்தும் என்று குழப்பம் வந்தால், பணம் வரும் போகும் நேரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் போதும், பெரும்பாலும் விடை வந்துவிடும்.

நிஜத்தில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவின் சிஜிஎம் ஃபோகஸ் ஃபண்டு பலரும் எடுத்துக்காட்டும் உதாரணம். 2009 நவம்பரில் முடிந்த பத்து ஆண்டில் அந்த ஃபண்டு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அதே பத்து ஆண்டில் அதில் இருந்த பணத்தின் எடையை வைத்து ஃபண்டுகளை ஆராயும் மார்னிங்ஸ்டார் நிறுவனம் கணக்கிட்டபோது முதலீட்டாளர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 11% நட்டம். காரணம் நம் தம்பியின் கதையேதான். 2007-ல் ஃபண்டு சுமார் 80% ஏறியது; அந்த ஏற்றத்தைப் பார்த்து 260 கோடி டாலர் உள்ளே வந்தது; 2008-ல் ஃபண்டு 48% விழுந்தது. பத்து ஆண்டும் அசையாமல் இருந்தவருக்கு 18% கிடைத்திருக்கும். ஆனால் பணத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்களுடையதாக இல்லை. கழித்தல் 11% என்பது ஒவ்வொரு முதலீட்டாளரின் வருமானமும் அல்ல. எல்லா டாலர்களையும் ஒரே பையில் போட்டு எடுத்த எண்.

நம்மூர் ஃபண்டு ஒன்றுக்கு இதை நாமே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். மாத ஃபாக்ட்ஷீட்டில் மாதக் கடைசியில் ஃபண்டின் சொத்து மதிப்பு எவ்வளவு என்று இருக்கும். என்ஏவி வரலாறு, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் கிடைக்கும். சென்ற மாதச் சொத்து மதிப்பை என்ஏவி எத்தனை மடங்கு ஆனதோ அதால் பெருக்குங்கள். புதுப் பணம் வராமல் இருந்தால் இந்த மாதம் இருந்திருக்க வேண்டிய தொகை அது. உண்மையில் இருக்கும் தொகையில் இருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவது அந்த மாதம் நிகரமாக வந்த பணம். நம் இருவர் ஃபண்டில்: 6 லட்சம் 1.5 மடங்காகி 9 லட்சம் ஆகியிருக்க வேண்டும்; இருப்பது 15 லட்சம்; ஆகவே வந்தது 6 லட்சம். மாதந்தோறும் இப்படி எடுத்த வரவுகளையும் கடைசிச் சொத்து மதிப்பையும் வைத்துப் பண எடை வருமானம் போட்டுவிடலாம். குரோத் திட்டத்தின் என்ஏவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது முதலீட்டாளருக்குப் பணம் கொடுக்கும் ஐடிசிடபிள்யூ திட்டத்தின் என்ஏவி, அப்படிப் பட்டுவாடா செய்யும் நாளில் குறைந்துவிடும். இன்னொரு பொறி, ஃபண்டு இணைப்பு. 2017 அக்டோபரில் செபி ஃபண்டு வகைகளை வரையறுத்த பின் பல திட்டங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. இணைப்பு நடந்த மாதத்தில் சொத்து மதிப்பு திடீரென்று உயரும். அது மக்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பணம் அல்ல.

சொந்தக் கணக்கைப் போட எக்செல் போதும்; அதில் உள்ள XIRR என்ற சூத்திரம் பண எடை வருமானத்தைக் கண்டுபிடித்துத் தரும். தம்பியின் தாள் இப்படி இருக்கும்:

```
A1  05-04-2021    B1  -100000
A2  05-04-2022    B2  -500000
A3  05-04-2023    B3   520000

=XIRR(B1:B3, A1:A3, -0.1)
```

கையில் இருந்து போனது கழித்தல், கைக்கு வந்தது கூட்டல். இன்னும் விற்கவில்லை என்றால் இன்றைய மதிப்பை இன்றைய தேதியில் வந்தது போல எழுத வேண்டும். மூன்றாவதாக இருக்கும் -0.1 ஏன் என்று தோன்றலாம். XIRR நேரடியாக விடை காண்பதில்லை. ஒரு ஊகத்தில் தொடங்கித் திருத்தித் திருத்தி நெருங்குகிறது. ஊகம் கொடுக்காவிட்டால் கூட்டல் 10%-இல் தொடங்கும். விடை கழித்தலாக இருக்கும்போது சில சமயம் வழிதவறி 2.98E-09 என்ற எண்ணில் நின்றுவிடும். சதவீத வடிவில் அது 0.00% என்று தெரியும். பார்ப்பவர் “லாபமும் இல்லை, நட்டமும் இல்லை” என்று நம்பிவிடுவார். 6 லட்சம் போட்டு 5.2 லட்சம் இருக்கும்போது 0.00% வந்தால் அது விடை இல்லை, தோல்வி. கழித்தல் ஊகம் கொடுத்து மறுபடி போட வேண்டும். #NUM! வந்தால், எல்லா எண்களும் ஒரே குறியில் இருக்கின்றனவா என்றும், முதல் வரிசையின் தேதிக்கு முந்தைய தேதி எதுவும் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாள் பிழையின்றி இருந்தும் எண் தவறாகப் போகும் இடங்கள் வேறு. ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை வைத்து எழுதும்போது ஐடிசிடபிள்யூ மறுமுதலீட்டை “வாங்கியது” என்று காட்டும். அதைப் புதுப் பணமாக எழுதினால் வருமானம் குறைந்து தெரியும், ஏனென்றால் அந்தப் பணம் உங்கள் பையில் இருந்து வந்ததில்லை. பையில் வந்து சேர்ந்த ஐடிசிடபிள்யூவை எழுத மறந்தாலும் அதே குறை. ஒரு ஃபண்டில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றியது, தனித்தனி ஃபண்டின் கணக்கில் வரவும் செலவும் ஆகும்; மொத்தக் கணக்கில் அது எதுவும் இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று: சில செயலிகள் இப்போது கையில் இருக்கும் ஃபண்டுகளுக்கு மட்டும் XIRR காட்டுகின்றன. நட்டத்தில் விற்று வெளியேறிய ஃபண்டுகள் கணக்கில் இருந்து மறைந்துவிடுவதால், ஒருவரின் மோசமான முடிவுகள் எல்லாம் நீங்கி, எஞ்சிய நல்லவற்றின் எண் மட்டும் பெரிதாக நிற்கும்.

ஓராண்டுக்குக் குறைந்த காலத்துக்கு XIRR பார்க்கவே வேண்டாம். இரண்டு மாதத்தில் 6% ஏறினால், அதே வேகம் ஆண்டு முழுவதும் நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டு சுமார் 42% என்று காட்டும். எஸ்ஐபி தொடங்கி நான்கு மாதத்தில் செயலியில் தெரியும் பிரமாண்டமான எண்ணுக்கு இதுவே காரணம்.

அடுத்து, பலரும் செய்யும் ஒப்பீடு. தன் XIRR கழித்தல் 11.62%, ஃபண்டின் ஆண்டுக் கூட்டு வளர்ச்சியான சிஏஜிஆர் 9.54%, ஆகவே இடையில் உள்ள 21% என் தவறு என்று தம்பி முடிவு செய்தால் அது பொருந்தாது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். தம்பி சந்தையைக் கணித்து ஏமாந்தவரும் இல்லை; பணம் வந்தபோது போட்டார். அவர் கேட்க வேண்டியது, அதே பணத்தை அதே தேதிகளில் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது.

இண்டெக்ஸ் முதல் ஆண்டு 20% ஏறி, இரண்டாம் ஆண்டு 5% இறங்கியது என்று வைப்போம். 100 ரூபாய் 120 ஆகி, 114-இல் முடிகிறது, ஆண்டுக்கு 6.77%. நம் ஃபண்டு 9.54%. ஃபாக்ட்ஷீட்டில் ஃபண்டு இண்டெக்ஸை ஏறத்தாழ 2.8 சதவீதப் புள்ளி வென்றதாகப் பெருமையாக இருக்கும். தம்பியின் பணத்தை அதில் ஓட்டிப் பாருங்கள். முதல் 1 லட்சம் 1,14,000 ஆகியிருக்கும். இரண்டாவது 5 லட்சம் 4,75,000 ஆகியிருக்கும். மொத்தம் 5,89,000. அதாவது இண்டெக்ஸிலும் அவருக்கு 11,000 ரூபாய் நட்டம்தான். பணம் வந்த நேரமும் சந்தையும் சேர்ந்து செய்தது அவ்வளவே. மீதி 69,000 ரூபாய், அந்த ஃபண்டு இரண்டாம் ஆண்டில் இண்டெக்ஸை விட மோசமாக விழுந்ததால் போனது. முதல் ஆண்டில் அது இண்டெக்ஸை அபாரமாக வென்றது, ஆனால் அப்போது தம்பியின் 1 லட்சம்தான் உள்ளே இருந்தது.

அக்காவின் பணத்தையும் அதே இண்டெக்ஸில் போட்டுப் பார்த்தால் 5,70,000-உம் 95,000-உம் சேர்ந்து 6,65,000 வருகிறது. ஃபண்டில் அவருக்குக் கிடைத்தது 6,80,000. அதே ஃபண்டு, அதே இண்டெக்ஸ், அதே இரண்டு தேதி. அக்காவுக்கு இண்டெக்ஸை விட 15,000 அதிகம், தம்பிக்கு 69,000 குறைவு.